விடிய முன்னம் எழும்பிய பிள்ளை: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாயும் வயல்களை ஒட்டிய ஒரு குடியிருப்பில் நடந்தது இது. பிள்ளைக்கு அப்போது 20 மாதம், பெண் பிள்ளை. வீட்டில் அம்மா, அப்பா, ஆண்டு 2 படிக்கும் அண்ணன், அம்மம்மா. அம்மாவுக்கு ஆடைத் தொழிற்சாலையில் வேலை. பஸ் காலை 5.40க்குச் சந்தியில் வந்து நிற்கும். அதற்குள் சோறு கறி வைத்து, பார்சல் கட்டி, மகனின் பள்ளிக்கூடச் சாப்பாட்டையும் முடிக்க வேண்டும் என்பதால் 4.15க்கே எழும்பிவிடுவார். திரும்பி வர மாலை 6.15 ஆகும். அப்பா சிறுபோகம் செய்கிறவர். தண்ணீர் முறை வரும் இரவுகளில் வயலில்தான் இருப்பார். பகல் முழுக்கப் பிள்ளை அம்மம்மாவின் கையில்.

நான் அந்தப் பிரிவின் குடும்பநல உத்தியோகத்தர். வைகாசி மாதம், நிறை பார்க்கும் நாளில் பிள்ளையைக் கொண்டு வந்த அம்மம்மாதான் கதையைத் தொடங்கினார். “மிஸ்ஸி, இவள் அஞ்சு மணிக்கே எழும்பிடுறாள். பிறகு என்ன செய்தாலும் படுக்கிறாள் இல்லை. எனக்கு ஏலாமல் கிடக்கு.”

அயலில் எல்லோரும் ஒரே ஆலோசனையைத்தான் சொல்லியிருக்கிறார்கள்: இரவில் பிந்திப் படுக்க வையுங்கோ, காலையில் பிந்தி எழும்பும். அதையும் செய்து பார்த்திருந்தார்கள். நாலு நாள் இரவு 10.30 வரை பிள்ளையை விளையாட்டுக் காட்டி வைத்திருந்தார்கள். நாலு நாளும் 5 மணிக்கு ஐந்து பத்து நிமிடம் முன்னே பின்னே எழும்பிவிட்டாள். நாலாம் நாள் பின்னேரம் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்தபடியே தலை சரிந்து நித்திரையாகிவிட்டாள். அதோடு விட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு 5 மணிக்கு எழும்பினால் போனில் பாட்டுப் போட்டுக் கொடுப்பது வழக்கமாயிற்று.

முதலில் நோய் இருக்கிறதா என்று பார்த்தது

பழக்கம் என்று முடிவு கட்டுவதற்கு முன் சிலவற்றைக் கேட்க வேண்டும். குறட்டை விடுகிறாளா, வாயால் மூச்சு எடுக்கிறாளா, இரவில் இருமலா, காதைப் பிடித்து அழுகிறாளா, பின்பக்கத்தைச் சொறிகிறாளா? எல்லாவற்றுக்கும் இல்லை என்றார்கள். 18 மாதத்தில் பூச்சி மருந்து கொடுத்திருந்தது. நிறை தன் கோட்டிலேயே ஏறிக்கொண்டிருந்தது. கண் இமையின் உட்புறமும் வெளிறியிருக்கவில்லை. இதைக் கவனித்ததற்குக் காரணம் உண்டு: இரும்புச்சத்துக் குறைந்த பிள்ளைகள் இரவில் காலை உதறிக்கொண்டு அமைதியில்லாமல் படுப்பது உண்டு. இவளிடம் அது இல்லை. இவற்றில் ஒன்றுக்காவது ஆம் என்று பதில் வந்திருந்தால் வைத்தியரிடம் அனுப்பிவிட்டுத்தான் மற்றதைப் பார்த்திருப்பேன்.

ஏழு நாள் குறிப்பு

“எத்தனை மணிக்குப் படுக்கிறாள்?” என்று கேட்டால் வீட்டுக்கு வீடு வேறு வேறு பதில்தான் வரும். பாயில் கிடத்திய நேரத்தைச் சிலர் சொல்வார்கள், கண் மூடிய நேரத்தைச் சிலர் சொல்வார்கள். அதனால் ஏழு நாளுக்கு ஒரு கொப்பியில் எழுதச் சொன்னேன். உண்மையாகவே நித்திரையான நேரம், எழும்பிய நேரம், பகலில் கண் அயர்ந்த நேரம், இந்த மூன்றும் போதும். அம்மம்மாவுக்கு எழுத்து அவ்வளவு ஓடாது. பகல் கணக்கை அண்ணன் பள்ளிக்கூடத்தால் வந்து கேட்டு எழுதினான். ஒவ்வொரு பக்கத்திலும் மேலே “தங்கச்சி நித்திரை” என்று கோடு போட்டு எழுதியிருந்தான்.

கொப்பியில் இருந்தது இதுதான். இரவு நித்திரையாவது 9.45 அளவில். எழும்புவது 5.00. அப்புறம் காலை 8.15க்கே கண் சொருகி இரண்டு மணி நேரம் அடித்துப் போட்டதுபோல் நித்திரை. பின்னேரம் 4.30 போல் அம்மம்மா மடியிலோ ஏணையிலோ இன்னொரு முக்கால் மணி நேரம். எல்லாம் கூட்டினால் ஒரு நாளைக்கு 10 மணித்தியாலம். ஒன்று முதல் இரண்டு வயது வரையான பிள்ளைகளுக்குப் பகல் நித்திரையும் சேர்த்து 11 முதல் 14 மணித்தியாலம் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டல். இவள் அதன் கீழ் எல்லைக்கே எட்டவில்லை. பின்னேரங்களில் காரணமில்லாமல் சிணுங்கி, அண்ணனைக் கடித்து, சோற்றைத் தட்டிவிட்டது ஏன் என்பதும் அங்கேயே விளங்கியது. 5 மணிக்கு எழும்பியும் நாள் முழுக்க முகமலர்ச்சியாக இருக்கிற பிள்ளை என்றால் நான் இதில் கை வைத்திருக்கவே மாட்டேன்.

இன்னொன்றும் கொப்பியில் தெரிந்தது. ஞாயிறில் அம்மாவுக்கு வேலை இல்லை, 6 மணி வரை படுத்திருந்தார். அன்றும் பிள்ளை 5.10க்கு எழும்பிவிட்டாள். அப்படியென்றால் குசினிச் சத்தம் மட்டும் காரணமாக இருக்க முடியாது. உடம்பின் மணிக்கூடே 5 மணிக்குத் திரும்பிவிட்டிருந்தது.

வீட்டில் ஓர் அதிகாலை

அடுத்த நாள் அதிகாலை 4.45க்கு அந்த வீட்டுக்குப் போனேன். அம்மாவிடம் முதல் நாளே சொல்லியிருந்தேன். வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீடு, ஓட்டுக் கூரை, சீலிங் இல்லை. அறைக்கும் குசினிக்கும் இடையில் உள்ள சுவர் கூரை வரை போகாது. வெளிச் சுவருக்கும் ஓட்டுக்கும் நடுவிலும் ஒரு சாண் அளவு இடைவெளி. நுளம்பு வலைக்குள் பாயில் பிள்ளை படுத்திருந்தாள். பக்கத்தில் அம்மா படுத்திருந்த இடம் வெறுமையாக இருந்தது.

நான் அந்த வெறும் இடத்தில் சாய்ந்து, பிள்ளையின் தலை இருந்த மட்டத்தில் என் தலையை வைத்துப் பார்த்தேன். நின்றுகொண்டு பார்த்தபோது இருட்டாகத் தெரிந்த அறை கீழே கிடந்து பார்த்தால் அப்படி இல்லை. குசினி பல்பின் வெளிச்சம் சுவருக்கு மேலால் ஏறி ஓட்டில் பட்டு, நேரே வலையின் மேல் கொட்டிக்கொண்டிருந்தது. வெள்ளை வலை முழுக்க ஒளிர்ந்தது. கண்ணைத் திறக்கிற பிள்ளைக்கு முதலில் தெரிவது அந்த வெளிச்சம்தான்.

4.55க்குப் புரண்டாள். கையை நீட்டி அம்மாவின் இடத்தைத் தடவினாள். துணிதான் அகப்பட்டது. எழும்பி இருந்து வெளிச்சத்தைப் பார்த்தாள், அழுதாள். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்து தூக்கிப் பால் கொடுத்தார். 5.20க்கு வயலில் இருந்து அப்பாவின் லான்ட்மாஸ்டர் படலை தாண்டி முற்றம் வரை அதிர்ந்துகொண்டு வந்தது. 5.30க்கு அம்மா பஸ்ஸுக்கு வெளிக்கிட்டார். பிள்ளை படலை வரை போய்க் கையசைத்தாள். கிழக்கு வெளுத்து, முகம் தெரியும் அளவுக்கு விடிந்திருந்தது.

ஏன் அந்த 5 மணி

நித்திரையை இரண்டு விஷயம் நடத்துகிறது. ஒன்று நித்திரைப் பசி. விழித்திருக்க விழித்திருக்க அது ஏறும், நித்திரை கொள்ளக் கொள்ள இறங்கும். மற்றது உடம்பின் மணிக்கூடு. அதிகாலை 4, 5 மணிக்கு நித்திரைப் பசி பெரும்பாலும் தீர்ந்துவிடும். அந்தக் கடைசி நேரத்தில் பிள்ளையைப் படுக்க வைத்திருப்பது மணிக்கூடு ஒன்றுதான். அதனால்தான் இரவு 12 மணிக்கு லான்ட்மாஸ்டர் வந்தாலும் அசையாத பிள்ளை, 5 மணிக்குக் குசினியில் மூடி விழுந்தால் எழும்பிவிடுகிறது.

அந்த மணிக்கூட்டைத் திருப்புகிற கை வெளிச்சம். அதிகாலையில் கண்ணில் படுகிற வெளிச்சம் மணிக்கூட்டை முன்னுக்கு இழுக்கும். அடுத்த நாளும் அதே நேரத்துக்கு, சில வேளை அதற்கும் முன்னதாக எழுப்பும். இரவில் கண்ணில் படுகிற வெளிச்சம் மெலடோனின் சுரப்பதைக் குறைத்துப் பின்னுக்குத் தள்ளும். சின்னப் பிள்ளைகளின் கண் பெரியவர்களுடையதைவிட இதற்கு அதிகம் இடம் கொடுக்கும். இந்தப் பிள்ளைக்கு 5 மணிக்குப் பல்பும் போனும், இரவு 9 மணி வரை ரீவி. இரண்டு பக்கத்தாலும் நெருக்கி நடுவில் நித்திரையைக் குறுக்கிவிட்டது.

வைகாசி ஆனியில் இங்கே சூரியன் 5.50 அளவில் உதிக்கும், 5.25க்கே நல்ல வெளிச்சம் வந்துவிடும். தை மாதத்தில் உதிக்க 6.30 ஆகும். ஒரே வீட்டில் ஒரே பிள்ளை மாரியில் ஆறு மணி வரை படுத்து, கோடையில் ஐந்துக்கு எழும்புவதில் புதுமை ஒன்றும் இல்லை. அம்மாவிடம் கேட்டபோது, மாசிப் பனி நாட்களில் இவள் 6 மணி வரை படுத்தது அவருக்கே நினைவுக்கு வந்தது.

8.15 நித்திரையைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். எழும்பி மூன்றே கால் மணித்தியாலத்தில் வருகிற அந்த நித்திரை உண்மையில் இரவு நித்திரையின் அறுந்த வால். 5 மணிக்கு விட்ட குறையை உடம்பு 8.15க்கு எடுத்துக்கொள்கிறது. அப்படி எடுக்கக் கிடைக்கும் வரைக்கும் 5 மணிக்கு எழும்புவதால் அதற்கு நட்டமில்லை. காலையில் அவ்வளவு முந்திப் படுத்ததால் பின்னேரம் மறுபடி கண் சொருகும். பின்னேரம் படுத்ததால் இரவு 9.45 வரை நித்திரை வராது. ஒன்றை ஒன்று தாங்கிக்கொண்டு நின்றது.

எதை எதிர்பார்ப்பது

அம்மம்மா 7 மணி வரை படுக்க வைக்க முடியுமா என்று கேட்டார். முடியாது என்றேன். விடியற்காலை நாலரைக்கே அடுப்பு எரிகிற ஊர் இது. 6 மணிக்கு முன்னமே வெயில் ஏறத் தொடங்கும். 5.45 என்று வைத்துக்கொள்வோம், அதற்கு முன் இரவு, அதற்குப் பின் காலை என்றேன்.

எதிர்ப்பு வந்தது நான் நினைக்காத பக்கத்திலிருந்து. ஞாயிறு மத்தியானம் அம்மாவோடு விறாந்தையில் இருந்து கதைத்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: “மிஸ்ஸி, அந்த அஞ்சு மணி எனக்கும் வேணும். அவள் எழும்பாட்டி நான் முகம் பார்க்காமலே போகவேணும்.”

இதை நான் யோசித்திருக்கவில்லை. வேலைநாளில் அந்தப் பிள்ளைக்கும் தாய்க்கும் விழித்தபடி கிடைத்த காலை நேரம் அந்த 35 நிமிடம்தான். பால் கொடுப்பதும் அதில்தான். பிள்ளை 5 மணிக்கு எழும்புவதில் வெளிச்சத்துக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு அதற்கும் இருந்திருக்கலாம். அப்படியானால் விட்டுவிடலாம், அது பிழை இல்லை, பிள்ளையை இரவு 7.30 அளவில் படுக்க வைத்தால் 5 மணிக்கு எழும்பினாலும் நித்திரைக் கணக்குச் சரிவரும் என்றேன். அம்மா அதையும் எண்ணிப் பார்த்தார். 6.15க்கு வந்து 7.30க்குப் படுக்க வைப்பதென்றால் மாலை போய்விடும். காலை 35 நிமிடமா, மாலை அரை மணி நேரம் கூடவா என்று பார்த்து மாலையைத் தேர்ந்தார். எட்டு மணி அளவில் படுக்கை, 5.45க்கு எழும்பல். பால் வேலையால் வந்தவுடன் ஒரு தரம், படுக்க முன் ஒரு தரம். தேர்ந்தது அவர், நான் இல்லை.

எடுத்த முடிவுகளும் என் பிழையும்

முதல் வேலை இருட்டு. அப்பா குசினிச் சுவரின் மேலேயும் சுற்றியுள்ள வெளிச் சுவர் இடைவெளி முழுவதிலும் வீட்டில் மடித்துக் கிடந்த நீலத் தறப்பாளைக் கட்டினார். அடுத்த நாள் விடிய அறை முழுக்க நீலம் பூத்திருந்தது என்றார் அம்மம்மா. ஒற்றைத் தறப்பாள் வெளிச்சத்தை மறைக்காது, நிறத்தைத்தான் மாற்றும். வெட்டித் திறந்த கறுப்பு உரப்பைகளை உள்பக்கம் சேர்த்துத் தைத்த பிறகுதான் இருண்டது. ஆனால் அடுத்த இரண்டு இரவும் பிள்ளை 2 மணிக்கு வேர்த்துக் குளித்து எழும்பினாள். சோளகக் காற்று வந்துபோகும் வழியை அடைத்துவிட்டோம். காற்று வரும் தென்மேற்குப் பக்கத்தைக் கழற்றிவிட்டு, குசினிப் பக்கத்தையும் கிழக்கையும் மட்டும் மூடியதாக விட்டோம். இருட்டுக்காகக் காற்றைப் பறிகொடுத்தால் எழும்பும் நேரம் 5 மணியிலிருந்து 2 மணிக்குத்தான் போகும்.

குசினி பல்பைத் தாழ்வாக, அடுப்புப் பக்கம் சுவரோடு இறக்கினார்கள். அம்மா 4.15க்கு எழும்பியதும் அம்மம்மா அந்த இடத்துக்கு வந்து படுத்தார். தடவுகிற கைக்கு ஓர் உடம்பு அகப்பட வேண்டும் என்பதுதான் நோக்கம். லான்ட்மாஸ்டரை அப்பா படலைக்கு வெளியே, ஒழுங்கை மூலையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்தார்.

என் பிழை இங்கேதான். பிள்ளைக்கு நித்திரை குறைவு என்று கண்டதால், இருட்டாக்கிய அதே நாளிலேயே எட்டு மணிக்குப் படுக்க வைக்கச் சொன்னேன். மூன்று நாள் வைத்தார்கள். மூன்று நாளும் பாயில் கிடந்து 9 மணி கடந்தும் அழுதாள், துள்ளினாள், வலையை இழுத்து ஒரு பக்கம் அறுத்தாள். வழமையாக நித்திரை வரும் நேரத்துக்கு முந்தின இரண்டொரு மணி நேரம் உடம்பு மிகவும் விழிப்பாக இருக்கும் என்பது தெரிந்த விஷயம். அந்த நேரத்துக்குள் பிள்ளையைக் கிடத்தினால் பாயே சண்டைக்களம் ஆகிவிடும். போதாததற்கு 4.30 குட்டித் தூக்கம் இன்னும் இருந்தது. நித்திரைப் பசி இல்லாத பிள்ளையைப் படு என்று சொல்லியிருக்கிறேன். மூன்றாம் நாள் இரவு அம்மா போன் எடுத்து அழுதார். பழையபடி 9.45க்கே விடச் சொன்னேன்.

ஒழுங்கை மாற்றினோம். இருட்டு அப்படியே இருக்கட்டும். அடுத்து பகல் நித்திரை. இரவுப் படுக்கை கடைசியில்.

8.15 நித்திரையை நாளொன்றுக்குக் கால் மணி நேரம் பின்னுக்குத் தள்ளினார் அம்மம்மா. கண் சொருகும்போது கிணற்றடிக்குக் கொண்டுபோய்க் கால் நனைப்பார், கோழிக்கு அரிசி போட வைப்பார். அது சுகமான வேலை இல்லை. பத்து மணி தாண்டும் வரை பிள்ளை மிகவும் சினந்தாள். ஒரு நாள் தள்ளாமல் அதே நேரத்தில் நிறுத்தவும் விட்டேன். 11 மணியைத் தாண்டியதும் பின்னேர நித்திரை தானாகவே விட்டுப் போயிற்று, யாரும் தடுக்கவில்லை. மத்தியானம் 12 மணிக்கு வந்து சேர 18 நாள் எடுத்தது.

5 மணிக்குப் புரண்டால் என்ன செய்வது என்பதையும் எல்லோரும் ஒரே மாதிரிச் செய்ய வேண்டியிருந்தது. லைட் இல்லை, போன் இல்லை, கதை இல்லை. அம்மம்மா முதுகில் கை வைத்திருப்பார். அழுதால் இருட்டுக்குள்ளேயே தூக்கி மடியில் வைத்திருப்பார். அழவிட்டுப் பார்க்கச் சொல்லவில்லை. 5.45 ஆனதும், விழித்திருந்தால், யன்னலைத் திறந்து “விடிஞ்சிட்டுது” என்று சொல்லித் தூக்குவார். அந்தச் சத்தமும் அந்த வெளிச்சமும்தான் காலை என்று பிள்ளைக்குப் படிய வேண்டும்.

காலைப் பாலை ஒரே நாளில் நிறுத்தவில்லை. ஆறு நாளில் நேரத்தைக் குறைத்துக்கொண்டு வந்தார். இடையில் மார்பு கட்டியது. போகுமுன் கொஞ்சம் பிழிந்து விட்டுப் போனார். ஞாயிறில் 5.45க்குப் பிறகு வழமைபோல் கொடுத்தார்.

பிறகு நடந்தவை

முதல் பத்து நாளில் எழும்பும் நேரம் அசையவே இல்லை. 5.00, 5.05, 4.50. இந்த இடத்தில்தான் பெரும்பாலான வீடுகள் கைவிடும். மணிக்கூடு மெதுவாகத்தான் திரும்பும். இரண்டு வாரம் ஒரே மாதிரிச் செய்தால்தான் பலன் உண்டா இல்லையா என்று சொல்லலாம். ஆனாலும் கொப்பியில் ஒன்று மாறியிருந்தது: 5 மணிக்கு எழும்பினாலும் அழுகை குறைந்து, அம்மம்மாவின் கைக்குள் பேசாமல் கிடக்கிற நிமிடங்கள் கூடின. பதினோராம் நாள் 5.00க்குப் புரண்டவள் 5.10க்கு மறுபடி நித்திரையாகி 5.40 வரை படுத்தாள். அன்று அண்ணன் அந்த வரியைச் சுற்றி வட்டம் போட்டிருந்தான்.

நடுவில் வற்றாப்பளைப் பொங்கல் வந்தது. குடும்பத்துக்கு நேர்த்தி இருந்தது, இரவு முழுக்க அங்கே நின்றார்கள். போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. திரும்பி வந்த பிறகு மூன்று நாள் எல்லாம் குழம்பியது. அந்தக் குறையைப் பகலில் நீளப் படுக்கவிட்டு ஈடுசெய்யாமல், மத்தியான நித்திரையை 2 மணிக்கு மேல் போகவிடாமல் எழுப்பியதால் நாலாம் நாள் பழைய தடத்துக்கு வந்தது.

பின்னேர நித்திரை நின்ற பிறகு இரவு 9 மணிக்கே கண்ணைக் கசக்கத் தொடங்கினாள். அதற்குப் பிறகு படுக்கை நேரத்தை இரண்டு நாளைக்குக் கால் மணி நேரமாக முன்னுக்குக் கொண்டுவந்தோம். ரீவி 7 மணிக்கு நின்றது. பின்னேரம் 4 முதல் 6 மணி வரை முற்றத்தில் வெளிச்சத்தில் விட்டார்கள். இந்த முறை பாயில் சண்டை இல்லை.

அம்மா இல்லாத காலைகள் லேசாக இருக்கவில்லை. 5.45க்கு எழும்பியதும் முதலில் குசினிக்கு ஓடுவாள், பிறகு படலைக்கு. ஒன்றரை வாரம் தேடி அழுதாள். அம்மா இரவில் படுக்க வைக்கும்போதே “விடிய அம்மா பஸ்ஸில் போவேன், பொழுதுபட வருவேன்” என்று ஒவ்வொரு நாளும் சொன்னார். 20 மாதப் பிள்ளைக்கு அது எவ்வளவு விளங்கியது என்று சொல்ல முடியாது. அம்மாவுக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

எட்டாவது வாரத்தில் கொப்பி இப்படி இருந்தது: இரவு 8.10க்கு நித்திரை, காலை 5.45க்கு எழும்பல், மத்தியானம் 12 மணி முதல் 1.45 வரை. மொத்தம் 11 மணித்தியாலம் 20 நிமிடம். வாரத்தில் ஒரு நாள் இன்னும் 5.15க்கு எழும்பினாள். அதை அப்படியே விட்டோம். பின்னேரச் சிணுங்கல் அடங்கியதை முதலில் சொன்னது அண்ணன்தான்: “இப்ப கடிக்கிறேல்லை மிஸ்ஸி.”

தை மாதம் 28 மாதத்தில் பார்த்தபோது 6.05 வரை படுத்தாள். அதில் எங்கள் கைவேலை எவ்வளவு, பிந்தி உதிக்கும் சூரியனின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. சித்திரை பிறக்க முன் கிழக்குப் பக்கத்துத் தறப்பாளை மறுபடி கட்டச் சொல்லி வைத்தேன்.

மறுபடி செய்வதானால்

படுக்கை நேரத்தில் கை வைப்பதைக் கடைசிக்கு விடுவேன். அந்த மூன்று இரவும் நான் கொடுத்த தேவையில்லாத கரைச்சல். 8.15 நித்திரை அப்படியே இருக்கும்போது இரவை முன்னுக்கு இழுத்தது, வேரை விட்டுக் கொப்பை வளைத்த வேலை.

அம்மாவிடம் முதலே கதைப்பேன். கிளினிக்குக்கு வந்தவர் அம்மம்மா என்பதால் அவர் சொன்ன கஷ்டத்தையே வீட்டின் கஷ்டமாக எடுத்துக்கொண்டேன். அம்மா காலையையே வைத்துக்கொள்வேன் என்று சொல்லியிருந்தால் திட்டம் முழுக்க வேறு: இருட்டுத் தேவையில்லை, 7.30 படுக்கை போதும், பகல் நித்திரையை 11 மணிக்கு வைத்தால் சரி. அதுவும் பிள்ளைக்கு நல்ல முடிவாகத்தான் இருந்திருக்கும்.

இந்த வழி எல்லாப் பிள்ளைக்கும் பொருந்தாது. 13, 14 மாதத்தில் காலை நித்திரை இன்னும் தேவைப்படுகிற பிள்ளையிடம் அதைத் தள்ளினால் இரவும் கெடும். 7 மணிக்கே படுத்து 5 மணிக்கு எழும்பி, மத்தியானமும் நன்றாகப் படுக்கிற பிள்ளைக்குக் கணக்கு ஏற்கெனவே 11.5, 12 மணித்தியாலம் இருக்கும். அங்கே காலை பிந்த வேண்டுமென்றால் படுக்கையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிந்தவிடுவதுதான் வழி. அயலார் சொன்ன ஆலோசனை அந்தப் பிள்ளைக்குப் பொருந்தியிருக்கும். இவளுக்குப் பொருந்தாது என்று காட்டியது கொப்பிதான்.

அதிகாலையில் போய்ப் பாயில் தலை வைத்துப் பார்த்ததை இப்போது வழக்கமாக்கிக்கொண்டேன். எனக்குப் போக முடியாத வீடுகளில் அம்மாவையே பிள்ளை படுக்கும் இடத்தில் 5 மணிக்குப் படுத்து, கண் திறந்ததும் முதலில் தெரிவது என்ன என்று வந்து சொல்லச் சொல்கிறேன். போன மாதம் ஒரு வீட்டில் அது போன் சார்ஜரின் சின்னப் பச்சை லைட்டாக இருந்தது. அதைத் துணியால் மூடச் சொல்லவில்லை. அவ்வளவு சின்ன வெளிச்சம் காரணமாக இராது. அந்த வீட்டில் தேடவேண்டியது 8 மணி நித்திரையை. கொப்பி இன்னும் வரவில்லை.